டொலரில் கடன், ரூபாவில் வருமானம்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வங்கிகளின் கடன் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பிராந்திய முகாமையாளர்களுக்கும் கடன் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். ஏறாவூரிலிருந்து பொத்துவில் வரை அரிசி ஆலைகள், விடுதிகள், இறக்குமதிக் கடைகள் ஆகியவற்றின் கணக்குகளையும் கடன் விண்ணப்பங்களையும் பார்க்கிறவர்கள் நாங்கள். ரூபா வட்டி டொலர் வட்டிக்கு மேலே போய் நிற்கிற காலம் வரும்போதெல்லாம், "டொலரில எடுத்தா வட்டி மிச்சம்" என்ற பேச்சும் கூடவே வந்துவிடும். அந்தப் பேச்சு உங்கள் மேசைக்கு விண்ணப்பமாக வருகிறது. அதன் மேல் நீங்கள் எழுதும் கடன் குறிப்பில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: "டொலர் வைப்பிலிருந்து டொலர் கடன் வழங்கப்படுவதால் வங்கிக்கு நாணயமாற்று இடர் இல்லை."

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். கணக்கியல்படி அது பிழையில்லை. வங்கியின் டொலர் சொத்தும் டொலர் கடப்பாடும் சமமாக இருக்கின்றன, மத்திய வங்கிக்கு அனுப்பும் நிகர நாணய நிலை அறிக்கையும் சுத்தமாக இருக்கிறது. ஆனால் கடன்காரர் ரூபாவில் உழைக்கிறவர் என்றால் அந்த இடர் எங்கும் போய்விடவில்லை. உங்கள் நாணய நிலை அறிக்கையை விட்டு இறங்கி, அவருடைய ஆலைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. நாணயம் சரியும் நாளில் அது வேறு பெயரோடு, கடன் இடராக, உங்கள் வாசலுக்கே திரும்பி வரும்.

ஒரு ஆலையை எடுத்துக்கொள்வோம். கணக்குக் காட்டுவதற்காக நாங்களே அமைத்த ஆலை இது, யாருடையதும் அல்ல. ஆனால் சம்மாந்துறைப் பக்கம் நெல் வாங்குகிற எவருக்கும் அதன் அளவுகள் பழக்கமானவையாக இருக்கும்.

2021 ஒக்டோபர். டொலர் 200 ரூபா. ஆலைக்கு ஒரு உலர்த்தியும், கறுப்பரிசியைப் பிரிக்கும் கலர் சோட்டரும் வேண்டும். விலை 250,000 டொலர், அதாவது 5 கோடி ரூபா. வருடத்துக்கு ஒரு கொள்கலன் இடியப்ப மா வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகிறது. அதில் 24,000 டொலர் வருகிறது. அந்த ஒரு கொள்கலனை வைத்து விண்ணப்பத்தில் "ஏற்றுமதியாளர்" என்று எழுதியாயிற்று. மிச்ச விற்பனை முழுவதும் உள்ளூர் மொத்த வியாபாரிகளுக்கு, ரூபாவில்.

ஐந்து வருடம், மாதம் ஒரு தவணை. ரூபாவில் எடுத்தால் வட்டி 10 சதவீதம், டொலரில் எடுத்தால் 6 சதவீதம். ரூபாக் கடனின் முதல் தவணை 12.5 இலட்சம். டொலர்க் கடனின் முதல் தவணை 5,417 டொலர், அன்றைய வீதத்தில் 10.83 இலட்சம். மாதத்துக்கு 1.67 இலட்சம் மிச்சம். நெல், கூலி, மின்சாரம் போக ஆலையின் கையில் மாதம் 22 இலட்சம் நிற்கிறது. நெல் வாங்க எடுத்த 6 கோடி ரூபா ஈட்டுக் கடனுக்கு 5 இலட்சம் வட்டி போனால் மீதி 17 இலட்சம். ரூபாக் கடனென்றால் தவணையைப்போல் 1.36 மடங்கு கையில் இருக்கிறது. டொலர்க் கடனென்றால் 1.57 மடங்கு. ஆக, ஆபத்துக் கூடிய கடன்தான் கடன் குறிப்பில் பாதுகாப்புக் கூடியதாகத் தெரிகிறது. கோளாறு தொடங்குவது இங்கேதான்.

அந்த 4 சதவீத மிச்சம் உண்மையில் என்ன? ரூபா வருடத்துக்கு ஏறத்தாழ 3.8 சதவீதத்துக்கு மேல் இறங்காமல் இருந்தால் மட்டுமே அது மிச்சம். 2011 இறுதியில் டொலர் சுமார் 114 ரூபா, 2021 இறுதியில் சுமார் 200. பத்து வருடத்தைச் சராசரியாக்கினால் வருடத்துக்கு 5.8 சதவீத ஏற்றம். 2022 நெருக்கடி வராமலே இருந்திருந்தாலும், நீண்ட கணக்கில் மலிவுக் கடன் மலிவாக இருந்திருக்காது. ஆனால் ஏற்றம் படிப்படியாக வருவதில்லை. மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில், வீதம் அசையாமல் கிடக்கும். பிறகு ஒரே தாவலாகத் தாவும். 2018இல் சுமார் 153இலிருந்து 183க்குப் போனது அப்படித்தான். அசையாமல் கிடக்கும் காலத்தில்தான் டொலர்க் கடன்கள் எழுதப்படுகின்றன. அப்போது மிச்சம் மாதாமாதம் கண்ணுக்குத் தெரியும், ஆபத்துத் தெரியாது.

நமது ஆலைக்கும் அப்படித்தான். 2021 செப்டெம்பரிலிருந்து 2022 மார்ச் முதல் வாரம் வரை வீதம் 200க்கும் 203க்கும் இடையில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. மார்ச் 7ஆம் திகதி 230 வரை விடுவதாக அறிவித்தார்கள். மே நடுப்பகுதியில் அது 360 அளவுக்கு வந்து நின்றது.

இனிக் கணக்கைப் பாருங்கள். ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஏழு தவணையும் ஆலைக்காரர் பிந்தாமல் கட்டிவிட்டார். மீதி 220,833 டொலர். 360இல் அது 7 கோடி 95 இலட்சம். 5 கோடி வாங்கி, ஏழு மாதம் ஒழுங்காகக் கட்டிய பிறகு 7.95 கோடி பாக்கி. மே மாதத் தவணை 5,271 டொலர், ரூபாவில் கிட்டத்தட்ட 19 இலட்சம்.

அதே மாதத்தில் வருமானப் பக்கம் என்ன நடந்தது? இரசாயனப் பசளைத் தடையால் 2021/22 பெரும்போக விளைச்சல் விழுந்தது. வட்டைகளில் வெட்டிய நெல் குறைந்ததால் ஆலை ஓடிய நாட்களும் குறைந்தன. அரிசிக்கு உச்ச விலை போட்டதால் கூடிய செலவை விலையில் ஏற்றவும் முடியவில்லை. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளியால் உயர்த்தியது. கையில் நிற்கும் பணம் 22 இலட்சத்திலிருந்து 16 இலட்சத்துக்கு விழுந்ததென்று வைத்துக்கொள்வோம். ஈட்டுக் கடனின் வட்டி 22 சதவீதமானால் அதற்கு மட்டும் 11 இலட்சம் போகும். மீதி 5 இலட்சம். கட்ட வேண்டியது 19 இலட்சம். ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியதை நாங்கள் இன்னும் சேர்க்கவேயில்லை.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மாறும் வட்டியில் ரூபாக் கடன் எடுத்தவரும் அந்த வருடம் நன்றாகவே அடிபட்டார். 2022 இறுதியில் முதன்மைக் கடன் வீதம் 27 சதவீதம் அளவில் நின்றது. நமது ஆலை ரூபாக் கடன் எடுத்திருந்து, டிசம்பரில் வட்டி 28.5 சதவீதமாகியிருந்தால் அந்த மாதத் தவணை 17.4 இலட்சம். டொலர்க் கடனின் தவணை 18.5 இலட்சம். தவணையை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. "ரூபாவில எடுத்தவனும்தானே செத்தான்" என்று சொல்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள்.

கடன் முதலின் பாக்கியைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அதே டிசம்பரில் ரூபாக் கடனின் பாக்கி 3.83 கோடி, டொலர்க் கடனின் பாக்கி 6.9 கோடி. வட்டி ஏறுவது காய்ச்சல் மாதிரி, ஏறியது இறங்கும், 2023, 2024இல் இறங்கியும் விட்டது. நாணயம் சரிந்தால் அது கடன் முதலின் மேலேயே ஏறிவிடும். 2024 இறுதியில் டொலர் 293க்கு வந்தபோதும் அது 200க்குத் திரும்பவில்லை. ரூபாக் கடனில் தவணை இறுகினால் நீங்கள் வட்டியை ஒத்திவைத்து, காலத்தை நீட்டிக் காப்பாற்றலாம். டொலர்க் கடனில் அந்த மருந்து வேலை செய்யாது. காலத்தை நீட்ட நீட்ட, பாக்கி நாணயமாற்று வீதத்தோடு கட்டுண்டே கிடக்கும்.

இனி உங்கள் பக்கத்துக்கு வருவோம். வங்கியை இது அடிக்கிற வழிகள் பல. முதலாவது வழி பலருக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் ஒருவர்கூடத் தவணை தவறாமலே அது நடந்துவிடுகிறது.

ஒரு வங்கிக்கு இடர் நிறையிட்ட சொத்து 1,000 கோடி, அதில் டொலர்க் கடன் 200 கோடி என்று கொள்வோம். மூலதனம் 130 கோடி, 13 சதவீதம். சட்டம் கேட்கும் 12.5 சதவீதத்துக்கு மேலேதான் இருக்கிறது. டொலர் 200இலிருந்து 360 ஆனால் அந்த 200 கோடி 360 கோடியாகிவிடும். மொத்தச் சொத்து 1,160 கோடி. மூலதனம் ரூபாவில் இருப்பதால் அது அதே 130 கோடிதான். விகிதம் 11.2 சதவீதம். யாரும் கடனைக் கட்டாமல் விடவில்லை, ஆனாலும் வங்கி கோட்டுக்குக் கீழே போய்விட்டது. இதற்கு மேல் டொலர்க் கடன்காரரில் ஐந்தில் ஒரு பங்கு விழுந்து, அதில் பாதி திரும்பி வராதென்றால் இழப்பு 36 கோடி. மூலதனம் 94 கோடி, விகிதம் 8.4 சதவீதம். இழப்பைக் கணக்கில் எழுதும் நாள் வரை நிகர நாணய நிலை பூச்சியமென்றே காட்டும். சுத்தமான அறிக்கையோடு நோயாளியாகக் கிடக்கும் வங்கி அது.

இரண்டாவது, பிணை. ஆலைக் காணியும் கட்டடமும் 8 கோடி, அவசர விற்பனையில் 6 கோடி என்று மதிப்பிட்டு 5 கோடி கொடுத்தீர்கள். பாக்கி 7.95 கோடியானதும் பிணை போதாது. அதோடு, ஒரு ஆலையை வாங்கக்கூடியவர் யார்? இன்னொரு ஆலைக்காரர்தான். அவரும் அதே தண்ணீரில்தான் தத்தளிக்கிறார். நீதிமன்றம் போகாமலே பராட்டே முறையில் ஏலம் விடும் அதிகாரத்தையும் அரசாங்கம் பிறகு தற்காலிகமாக நிறுத்தி, 2025 மார்ச் வரை நீட்டியது. பிணை இருந்தும் அதில் கைவைக்க முடியாத காலம் வரும் என்பதற்கு அது உதாரணம்.

மூன்றாவதுதான் எங்கள் கருத்தில் மிக நுட்பமானது. கடன்காரர் தவித்து வரும்போது, "சரி, ரூபாக் கடனாக மாற்றித் தருகிறோம்" என்று சொல்வது மனிதாபிமானமாகவும் புத்திசாலித்தனமாகவும் தோன்றும். மாற்றிய அந்த நிமிடத்தில் பொருந்தாமை வங்கிக்குள் வந்துவிடுகிறது. டொலர் வைப்பாளருக்கு நீங்கள் டொலர்தான் கொடுக்க வேண்டும், கையில் இருப்பதோ ரூபாச் சொத்து. அதைச் சமப்படுத்தச் சந்தையில் டொலர் வாங்க வேண்டும். எல்லா வங்கிகளும் ஒரே வாரத்தில் வாங்கப் போனால் வீதம் இன்னும் ஏறும். ஏறினால் மாற்றாமல் விட்ட கடன்காரர்களும் விழுவார்கள். அரசாங்கத்துக்கு டொலரில் கொடுத்திருந்த வங்கிகளுக்கும் இதே கதைதான். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் மீளச் செலுத்துவது நிறுத்தப்பட்டது. உள்நாட்டில் விற்ற டொலர் அபிவிருத்தி முறிகளில் பெரும்பகுதி 2023இல் ரூபா முறிகளாக மாறியது. டொலர் வைப்பாளருக்கோ தான் போட்டது டொலர்தான்.

நான்காவது, டொலரே இல்லாமல் போவது. 2022இல் சிலரிடம் 360 கொடுக்க ரூபா இருந்தது, வங்கியிடம் கொடுக்க டொலர் இல்லை. தவணைக்கு ரூபா கொண்டுவந்து கவுண்டரில் நிற்கிறவரை "டொலர் கிடைத்ததும் கணக்கில் வைப்போம்" என்று திருப்பி அனுப்பினால், அவர் நல்ல கடன்காரரா கெட்ட கடன்காரரா? ரூபா நெருக்கடி வந்தால் மத்திய வங்கி ரூபாவை அச்சடித்து வங்கிகளுக்குக் கொடுக்கலாம். டொலரை அச்சடிக்க அதனால் முடியாது. கடைசி நேரத்தில் கைகொடுக்க யாரும் இல்லாத நாணயத்தில்தான் கடன் எழுதியிருக்கிறோம்.

இந்தோனேசியாவைச் சற்றுப் பாருங்கள். 1997 ஜூலையில் டொலர் சுமார் 2,400 ரூப்பியா. ஓகஸ்ட் 14ஆம் திகதி வீதத்தை மிதக்கவிட்டார்கள். 1998 ஜனவரியில் 10,000ஐத் தாண்டியது. அங்கே கம்பனிகளின் டொலர்க் கடனில் கணிசமான பங்கு வெளிநாட்டு வங்கிகள் நேரடியாகக் கொடுத்தது. உள்ளூர் வங்கிகளின் புத்தகத்தில் அது இல்லவே இல்லை. ஆனால் அதே கம்பனிகள் உள்ளூர் வங்கிகளிடம் ரூப்பியாக் கடனும் வைத்திருந்தன. டொலர்க் கடன் கழுத்தை நெரித்ததும் ரூப்பியாக் கடனும் நின்றது. 1997 நவம்பர் 1ஆம் திகதியே 16 வங்கிகளை மூடினார்கள். அடுத்தது எது என்ற பயத்தில் மக்கள் மற்ற வங்கிகளிலும் பணத்தை எடுக்கத் தொடங்கினார்கள்.

இதை எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "எங்கள் கிளையில் டொலர்க் கடனே இல்லை" என்று உங்களில் பலர் சொல்வீர்கள். நமது ஆலையின் 6 கோடி நெல் ஈட்டுக் கடன் உங்கள் கிளையிலும், டொலர்க் கடன் கொழும்பில் இன்னொரு வங்கியிலும் இருந்தால், விழப்போவது உங்கள் கடன்தான். ஏனென்றால் கைக்கு எட்டுகிற பணம் அதுதான். நெல் ஈட்டுக் கடன் புதுப்பிக்கப்படும். அந்தப் பணம் நெல்லுக்குப் போகாமல் டொலர்த் தவணைக்குப் போகும். களஞ்சியத்தைப் பார்க்கப் போகிற உத்தியோகத்தருக்கு முன்வரிசை மூட்டைகள் கூரை வரை தெரியும். ஏணி வைத்து மேலே ஏறினால்தான் நடுவில் கிணறு மாதிரி வெறுமை இருப்பது தெரியும். மூட்டையை முன்னாலிருந்து எண்ணாதீர்கள், மேலிருந்து பாருங்கள்.

களஞ்சியம் வெறுமையானால் அடுத்த அறுவடைக்கு ஆலையால் ரொக்கத்துக்கு வாங்க முடியாது. "நெல்லை இறக்குங்க, ஒரு மாதத்தில காசு" என்பார்கள். போடியார் தாங்குவார். இரண்டு ஏக்கர் செய்கிறவர் தாங்கமாட்டார். விதைப்புக்கு அடகு வைத்த நகையின் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். வங்கியோ பயந்துபோய் மற்ற ஆலைகளுக்கும் ஈட்டுக் கடன் எல்லையைக் குறைத்திருக்கும், ஒரு சதம் டொலர்க் கடன் இல்லாத ஆலைக்கும்கூட. வாங்குகிறவர் குறைந்தால் வயலடி விலை விழும். டொலரைக் கண்ணாலும் காணாத ஒருவருக்கு டொலர்க் கடனின் நட்டம் போய்ச் சேருகிற வழி இது.

விடுதிகளைப் பற்றிச் சுருக்கமாக. பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் அறை வாடகை டொலரில் எழுதியிருப்பதைக் கண்டு டொலர் வருமானம் என்று நம்பிவிடக் கூடாது. விலைப்பட்டியலில் இருப்பது டொலர், வார இறுதியில் வருகிற உள்ளூர்க் குடும்பம் கொடுப்பது ரூபா. உண்மையான டொலர் வருமானமும் நின்றுபோகும்: 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, அடுத்த வருடம் கொவிட். கட்டுநாயக்கவில் விமானம் இறங்காத மாதத்திலும் டொலர்த் தவணை வரும்.

இப்போது நாங்கள் கேட்பவை.

"ஏற்றுமதியாளர்" என்ற சொல்லை விண்ணப்பத்தில் ஏற்காதீர்கள். கடந்த 36 மாதத்தில் வெளிநாட்டிலிருந்து வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்த டொலரை மாதம் மாதமாக எழுதித் தரச் சொல்லுங்கள். விலைப்பட்டியல் எந்த நாணயத்தில் என்பது முக்கியமில்லை, கணக்கில் விழுந்தது எந்த நாணயம் என்பதுதான் கேள்வி. டொலர்த் தவணை அந்த மாதச் சராசரியின் பாதியைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் அளவுகோல். நமது ஆலைக்கு மாதச் சராசரி 2,000 டொலர். பாதி 1,000. அதே நிபந்தனையில் அது தாங்கும் டொலர்க் கடன் சுமார் 46,000. மீதி ரூபாவில்தான். ஏன் பாதி என்று கேட்பீர்கள். கொள்கலன் பிந்தும், வாங்குகிறவர் பிந்திக் கட்டுவார், பாதிக்கு மேல் போனால் அந்தப் பிந்தலுக்கு இடமிருக்காது.

தாக்கச் சோதனையைத் தனித்தனியாகச் செய்யாதீர்கள். நமது ஆலையில் டொலரை மட்டும் 30 சதவீதம் ஏற்றி 260 ஆக்கிப் பாருங்கள். தவணை 14.1 இலட்சம், கையில் 17 இலட்சம், 1.21 மடங்கு. கொஞ்சம் இறுக்கம், ஆனால் பாஸ். இப்போது அதே 30 சதவீதத்தோடு ஈட்டுக் கடன் வட்டியை இரட்டிப்பாக்கி, வருமானத்தைக் கால்பங்கு குறையுங்கள். கையில் 6.5 இலட்சம், 0.46 மடங்கு. நாணயம் சரிகிற அதே மாதங்களில்தான் வட்டி ஏறும், வியாபாரம் படுக்கும். ஒவ்வொன்றாகச் சோதித்தால் எல்லாச் சோதனையிலும் தேறி, சேர்ந்து வரும்போது தோற்கிற கடனைத்தான் எழுதுவோம்.

மறைந்து கிடக்கும் டொலரைக் கேளுங்கள். 120 நாள் தவணை எல்.சி., இயந்திரம் விற்றவர் நேரடியாகக் கொடுத்த கடன், டொலரில் கணக்கிட்டு ரூபாவில் கட்டும் வாடகை, உறவினர் வெளிநாட்டிலிருந்து அனுப்பி "பிறகு டொலரில தா" என்று சொன்ன பணம். இவற்றில் விற்பனையாளர் கடனும் உறவினர் கடனும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் வராது. இறக்குமதிப் பற்றுச்சீட்டுகளையும் சுங்கப் பத்திரங்களையும் கடந்த ஒரு வருடத்துக்கு வாங்கி, எது கட்டியாயிற்று, எது பாக்கி என்று உட்கார்ந்து பார்த்தால்தான் பிடிபடும். அரை நாள் வேலை.

பிறகு வாங்கப்போகும் டொலருக்கு இன்றே வீதத்தைப் பேசி முன்னோக்கு ஒப்பந்தம் போட்டுவிடலாம் என்பவர்களுக்கு ஒரு சொல். அதன் விலை ஏறத்தாழ இரு நாணயங்களின் வட்டி வித்தியாசம்தான். முழுக் கடனுக்கும் ஒழுங்காகக் காப்பு எடுத்தால் அந்த 4 சதவீத மிச்சம் காப்புக்கே போய்விடும். மிச்சம் இருக்கிறதென்றால் காப்பு இல்லையென்று அர்த்தம். கடன் ஐந்து வருடம், நமது சந்தையில் ஒப்பந்தம் கிடைப்பதோ மாதக்கணக்கில். ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க வேண்டும், தேவை வருகிற நேரத்தில் கதவு பூட்டியிருக்கலாம். 2021 தொடக்கத்தில் மத்திய வங்கி முன்னோக்கு ஒப்பந்தங்களைச் சில மாதம் நிறுத்தி வைத்ததை உங்கள் திறைசேரிப் பிரிவில் கேட்டால் சொல்வார்கள்.

மாற்ற வேண்டிய டொலர்க் கடன்களை வீதம் அசையாமல் கிடக்கும்போதே ரூபாவுக்கு மாற்றுங்கள். அப்போது மாற்றினால் வங்கிக்கும் டொலர் வாங்கக் கிடைக்கும், கடன்காரருக்குச் செலவு அந்த 1.67 இலட்சம் மட்டும்தான். ஆலைக்காரர் முனகுவார். 2021 இறுதியில் எல்.சி. திறக்க வாரக்கணக்கில் காத்திருந்தார்கள், துறைமுகத்தில் கொள்கலன்கள் தேங்கிக் கிடந்தன, கறுப்புச் சந்தை வீதம் வங்கி வீதத்தை விட்டுத் தூரப் போயிருந்தது. இந்த மூன்றும் ஒன்றாகத் தெரிந்த பிறகு பலகையில் இருந்த 203 ஒரு விலையாக இருக்கவில்லை.

கிளை மட்டத்தில் பார்க்க வேண்டிய அறிகுறிகளும் உண்டு. டொலர்த் தவணை நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு மேலதிகப் பற்று எல்லை வரை போவது. ஈட்டுக் கடன் பணம் கணக்கில் விழுந்த அன்றே வேறு வங்கிக்குப் போவது. இறக்குமதி உண்டியலுக்குக் கால நீடிப்புக் கேட்பது, அதுவும் இரண்டாம் தடவை. மூன்று மாதத் தவறுகை வரும்வரை காத்திருந்து செயற்படாக் கடனென்று எழுதுவதற்கு வெகு முன்னரே இவை கணக்குக்கூற்றில் தெரியும். இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் அந்தக் கடனை உடனே இடர் கூடிய கடன்களுக்குரிய இரண்டாம் கட்டத்துக்கு மாற்றி, இழப்புக்கான ஒதுக்கத்தைக் கூட்டுங்கள்.

கடைசியாக அந்த வரி. "வங்கிக்கு நாணயமாற்று இடர் இல்லை" என்று எழுதும் இடத்தில் மூன்று எண்களை எழுதுங்கள்: கடன்காரரின் மாதச் சராசரி டொலர் வரவு, மாத டொலர்த் தவணை, எல்லாத் தாக்கமும் சேர்ந்த சோதனையில் வந்த மடங்கு. நமது ஆலைக்கு அவை 2,000, 5,417, 0.46. இந்த மூன்றையும் பார்த்த பிறகும் கையொப்பமிட விரும்புகிறவர், ஏன் என்பதைக் கீழே தன் கையெழுத்தில் எழுதட்டும்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கணக்காய்விலும் கடன் மதிப்பீட்டிலும் ஈடுபட்டுள்ளோர்